யுடிபி வேகமானது என்று யார் சொன்னது?

நெட்வொர்க்கிங் படிக்கத் தொடங்கியிருக்கும் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்: வீடியோ காலுக்கு டிசிபியா, யுடிபியா? கோப்பு டவுன்லோடு செய்ய எது? பதில் ஏறக்குறைய இப்படித்தான் வரும்.

"டிசிபி பதிவுத் தபால் மாதிரி. ஒரு பாக்கெட் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பதில் வந்த பிறகுதான் அடுத்ததை அனுப்பும். அதனால் நம்பகமானது, ஆனால் மெதுவானது. யுடிபி சாதாரணத் தபால் மாதிரி. பிழை இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அதனால் வேகமானது. வீடியோ காலில் நாலு பாக்கெட் தொலைந்தால் ஒன்றும் ஆகாது, அங்கே வேகம்தான் முக்கியம்; ஆகவே யுடிபி. கோப்பில் ஒரு பைட் குறைந்தாலும் கெட்டுவிடும், ஆகவே டிசிபி."

வேலைக்கான நேர்முகத் தேர்வில் இதைச் சொன்னால் பெரும்பாலும் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். முடிவுகள் இரண்டும் பொதுவாகச் சரிதான். ஆனால் அந்த முடிவுகளுக்குச் சொன்ன காரணங்களில் முழுசாக நிற்பது கடைசியில் உள்ள கோப்பு பற்றிய வரி மட்டும்தான். மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கலாம்.

அதற்கு முன், பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இணையத்தில் எதை அனுப்பினாலும் அது ஏறக்குறைய 1,500 பைட்டுக்கு மிகாத துண்டுகளாக நறுக்கப்பட்டுப் போகிறது. அந்தத் துண்டுதான் பாக்கெட். அதை ஊர் ஊராகக் கடத்திக்கொண்டு போவது ஐபி என்ற நெறிமுறை. போகிற வழியில் பாக்கெட் தொலையலாம், முன்பின்னாக வந்து சேரலாம். ஐபி எதற்கும் பொறுப்பேற்காது. வந்து சேர்ந்ததை வைத்து என்ன செய்வது என்று இரு முனைகளிலும் உள்ள கணினிகள் பார்த்துக்கொள்ளும் இரண்டு முறைகள்தான் டிசிபியும் யுடிபியும்.

முதலில், 'பதில் வந்த பிறகுதான் அடுத்ததை அனுப்பும்' என்பது. இதைச் சோதிக்க ஒரு வகுத்தல் கணக்கு போதும். சென்னையில் இருக்கும் ஒருவர் டொரன்டோவில் உள்ள சர்வரிலிருந்து 1 ஜிபி கோப்பை இறக்குகிறார். ஒரு பாக்கெட் போய், அதற்கான பதில் திரும்பி வர 200 மில்லிவினாடி ஆகிறது என்று கணக்கு வசதிக்காக வைத்துக்கொள்வோம். ஒரு டிசிபி பாக்கெட்டில் கோப்பின் பங்கு வழக்கமாக 1,460 பைட். ஆக மொத்தம் ஏறக்குறைய 6,85,000 பாக்கெட்டுகள். ஒவ்வொன்றுக்கும் பதில் வரும்வரை காத்திருந்தால், பாக்கெட்டுக்கு 200 மில்லிவினாடி வீதம், 38 மணி நேரம் ஆகும். இணைய இணைப்பு எவ்வளவு பெரியது என்பதே இதில் கணக்கில் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆயிரம் எம்பிபிஎஸ் இணைப்பு வாங்கினாலும் அதே 38 மணி நேரம்தான். நடைமுறையிலோ 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இந்தக் கோப்பு ஒன்றரை நிமிடத்தில் வந்துவிடக்கூடியது.

காரணம், டிசிபி ஒரு பாக்கெட்டை அனுப்பிவிட்டுக் கைகட்டி நிற்பதில்லை. பதில் வராத நிலையிலேயே எவ்வளவு தரவை வழியில் விட்டு வைக்கலாம் என்பதற்கு அது ஓர் அளவு வைத்திருக்கிறது, விண்டோ என்பார்கள். மேலே சொன்ன 100 எம்பிபிஎஸ் இணைப்பு நிரம்பி ஓட வேண்டுமானால் எந்த நேரத்திலும் 2.5 எம்பி, அதாவது 1,700 பாக்கெட்டுக்குமேல், வழியில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பெறுகிற கணினி ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தனித்தனி ரசீது போட்டுக்கொண்டிருப்பதும் இல்லை. 'இந்த பைட் வரைக்கும் வந்துவிட்டது' என்று சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

டிசிபிக்கு 'மெதுவானது' என்ற பெயர் வந்ததில் கொஞ்சம் பழைய உண்மையும் உண்டு. அதன் தலைப்பில் விண்டோவைக் குறிக்க 16 பிட் இடம்தான் ஒதுக்கியிருந்தார்கள். ஆகவே 65,535 பைட்டுக்குமேல் சொல்லவே முடியாது. 200 மில்லிவினாடிப் பாதையில் அதைக்கொண்டு நொடிக்கு 2.6 மெகாபிட்டுக்குமேல் போக முடியாது. 1992இல் அந்த எண்ணைப் பெருக்கிக்கொள்ளும் வழி வந்தது, தடை நீங்கியது. இன்றும் இணைப்பைத் தொடங்கும்போது ஒருமுறை போய்வரும் நேரம் செலவாகிறது, தொடக்கத்தில் டிசிபி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வேகம் பிடிக்கிறது. சின்னஞ்சிறு கோப்புகளில் இது தெரியும். 1 ஜிபியில் தெரியாது.

இனி 'யுடிபி வேகமானது'. இரண்டு வகைப் பாக்கெட்டும் ஒரே கம்பியில், ஒரே ரூட்டர்கள் வழியாகப் போகின்றன. யுடிபி என்று எழுதியிருப்பதால் கடலடிக் கேபிளில் ஒளி வேகமாக ஓடாது. தலைப்பு சிறியது என்பார்கள்: யுடிபிக்கு 8 பைட், டிசிபிக்குக் குறைந்தது 20. வித்தியாசம் 12 பைட். 1,500 பைட் பாக்கெட்டில் ஒரு சதவீதம்கூட இல்லை. அதையும் வீடியோ கால் மிச்சம் பிடிப்பதில்லை. யுடிபியில் வரிசை எண் கிடையாது, நேரக் குறிப்பு கிடையாது. அவை இல்லாமல் குரலை ஒழுங்காகக் கோக்க முடியாது என்பதால் ஆர்டிபி என்ற இன்னொரு தலைப்பை அதன்மேல் ஏற்றுகிறார்கள். அதன் அளவு 12 பைட். எட்டும் பன்னிரண்டும் இருபது. சேமித்தது சரியாகப் போய்விட்டது.

பிறகு ஏன் யுடிபி? இங்கேதான் மாணவரின் பதிவுத் தபால் உவமை காலை வாருகிறது. பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வழியில் சிக்கினால் அது மட்டும்தான் தாமதமாகும். மறுநாள் அனுப்பிய கடிதம் மறுநாளைக்கு வந்துவிடும். டிசிபி அப்படியல்ல. நடுவில் ஒரு கடிதம் வரவில்லையென்றால், அதற்குப் பின்னால் எழுதி, ஒழுங்காக வாசல்வரை வந்துவிட்ட அத்தனை கடிதங்களையும் கையிலேயே வைத்துக்கொண்டு, தொலைந்ததன் நகல் வரும்வரை ஒன்றையும் தராத தபால்காரர் அது. எழுதிய வரிசையிலேயே, ஒன்றும் விடாமல் கொடுப்பதாக அது வாக்குக் கொடுத்திருக்கிறது. நம்பகத்தன்மைக்கான உண்மையான விலை இந்தக் காத்திருப்புதான்.

அது எவ்வளவு என்று ஓர் அழைப்பில் வைத்துப் பார்ப்போம். டொரன்டோவில் இருக்கும் மகள் சென்னையில் இருக்கும் அம்மாவுடன் பேசுகிறாள். பிரவுசர் வழியாக நடக்கும் அழைப்புகளில் குரலைச் சுருக்க ஓபஸ் என்ற கோடெக் பயன்படுகிறது. வழக்கமான அமைப்பில் அது 20 மில்லிவினாடிக்கு ஒரு பாக்கெட் வீதம், நொடிக்கு 50 பாக்கெட் போடும். போய்வர 200 என்பதால் ஒரு வழிக்கு 100 மில்லிவினாடி. நூறாவது பாக்கெட்டை மகளின் கணினி அனுப்பும் கணத்தைப் பூஜ்யம் என்று வைப்போம். அது வழியில் தொலைந்துவிடுகிறது.

அழைப்பு டிசிபியில் போனால் என்ன நடக்கும்? 101, 102, 103 ஆகிய பாக்கெட்டுகள் 120, 140, 160ஆவது மில்லிவினாடிகளில் சென்னைக்கு வந்துவிடும். ஒவ்வொன்றும் வரும்போது அம்மாவின் கணினி 'எனக்கு இன்னும் நூறுதான் வேண்டும்' என்று திரும்பத் திரும்பச் சொல்லும். அப்படி மூன்று முறை கேட்ட பிறகே, 'சரி, தொலைந்துதான் போயிற்று' என்று அனுப்பியவர் பக்கம் முடிவு செய்வது டிசிபியின் மரபு. மூன்றாவது அறிவிப்பு டொரன்டோ போய்ச் சேர்வது 260இல். உடனே நூறாவது பாக்கெட்டின் நகல் புறப்பட்டு 360இல் சென்னை வருகிறது. வர வேண்டிய நேரம் 100, வந்தது 360. இடைப்பட்ட நேரத்தில் 101 முதல் 112 வரை பன்னிரண்டு பாக்கெட்டுகள் அம்மாவின் கணினிக்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் அழைப்புச் செயலியின் கைக்கு ஒன்றும் வராது. தொலைந்தது 20 மில்லிவினாடிக் குரல். மௌனமாகிப் போனது 260 மில்லிவினாடி.

360இல் எல்லாம் மொத்தமாக வந்து விழும்போது செயலிக்கு இரண்டு வழிகள்தான் உண்டு. வந்ததை அப்படியே ஒலிக்கவிட்டால் அதற்குமேல் பேசுவதெல்லாம் கால் நொடி பிந்தியே கேட்கும். ஒரு வழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. அதைத் தாண்டிப் போகப் போக, இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தி, 'நீ சொல்லு', 'இல்ல, நீங்க சொல்லுங்கம்மா' என்று போகும். இன்னொரு வழி, பிந்தி வந்த குரலைத் தூக்கியெறிந்துவிட்டு நிகழ்காலத்துக்கு வருவது. அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்து சேர்த்த நூறாவது பாக்கெட்டும் அதோடு குப்பைக்குப் போகும்.

யுடிபியில் நூறு வரவில்லையென்றால் 101 வந்தவுடனேயே அது செயலிக்குக் கிடைத்துவிடும். பாக்கெட்டுகள் முன்பின்னாக வருவதைச் சமாளிக்கச் செயலி எப்போதும் சில பத்து மில்லிவினாடிக் குரலைக் கையிருப்பில் வைத்திருக்கும். நூறுக்கு உரிய நேரம் வந்தும் அது வராவிட்டால் அதற்கு முன் வந்த ஒலியைக்கொண்டு அந்த 20 மில்லிவினாடியை ஓபஸ் இட்டு நிரப்பிவிடும். பெரும்பாலும் காதுக்கே தெரியாது. விரும்பினால் 101ஆவது பாக்கெட்டுக்குள்ளேயே நூறின் தரம் குறைந்த நகல் ஒன்றைச் சேர்த்து அனுப்பவும் ஓபஸில் வசதி உண்டு. யாரும் யாரையும் கேட்டு, பதிலுக்குக் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆக, யுடிபி கொடுப்பது வேகத்தை அல்ல. காத்திருப்பதா, விட்டுவிடுவதா என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைச் செயலியிடம் கொடுக்கிறது.

யுடிபி பிறந்த கதையும் இதைத்தான் சொல்கிறது. 1974இல் விண்டன் செர்ஃபும் ராபர்ட் கானும் கட்டுரையாக வெளியிட்ட முதல் வடிவத்தில் பாக்கெட்டைக் கடத்துவதும் வரிசைப்படுத்துவதும் ஒரே நெறிமுறைக்குள் இருந்தன. அதே காலத்தில் அர்ப்பாநெட்டில் குரலை அனுப்பிச் சோதித்துக்கொண்டிருந்த டேனி கோஹனுக்கு அது தோதுப்படவில்லை. பிந்தி வரும் குரல் வராத குரலுக்குச் சமம் என்பது அவர் கண்ட சிக்கல். 1978இல் கடத்தும் வேலை ஐபி என்றும், வரிசையும் நம்பகமும் டிசிபி என்றும் பிரிந்ததில் கோஹனைப் போன்றவர்களின் வற்புறுத்தலுக்குப் பெரிய பங்கு உண்டு. டிசிபி வேண்டாதவர்களுக்கான மெல்லிய வழியாக 1980 ஆகஸ்டில் யுடிபி வந்தது. ஜான் போஸ்டல் எழுதிய அந்த ஆவணம் மூன்றே பக்கம்.

அந்த மூன்று பக்கத்திலேயே மாணவரின் இன்னொரு வரிக்கும் மறுப்பு இருக்கிறது. 'பிழை இருக்கிறதா என்றுகூடப் பார்க்காது' என்றாரே, யுடிபியின் எட்டு பைட் தலைப்பில் இரண்டு பைட் செக்சம்தான். வழியில் சிதைந்த பாக்கெட்டை அது சத்தமில்லாமல் எறிந்துவிடும். பழைய ஐபி நான்காம் பதிப்பில் இந்தச் சோதனை வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். ஆறாம் பதிப்பில் விதிவிலக்குகள் போகக் கட்டாயம். யுடிபி செய்யாதது, எறிந்ததை மறுபடி கேட்டு வாங்குவது மட்டும்.

'நாலு பாக்கெட் தொலைந்தால் ஒன்றும் ஆகாது' என்பது குரலுக்கு ஓரளவு பொருந்தும். வீடியோவுக்குப் பொருந்தாது. நொடிக்கு 30 படங்கள் போகிற வீடியோவில் ஒவ்வொரு படத்தையும் முழுசாக அனுப்புவதில்லை. எப்போதாவது ஒரு முழுப்படம். அதன்பின் முந்தைய படத்திலிருந்து மாறியது மட்டும். நடுவில் ஒரு பாக்கெட் போனால் அந்தப் படம் கெடும். அதை நம்பி வரும் அடுத்த படமும், அதற்கடுத்ததும் கெடும். பேசுபவரின் தாடை ஓரிடத்திலும் கன்னம் ஓரிடத்திலுமாகக் கட்டம் கட்டமாக நகர்வதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் இது. பல செயலிகள் அந்தக் கோரத்தைக் காட்டாமல் கடைசி நல்ல படத்திலேயே உறைந்து நிற்கும்.

அதனால் வீடியோ கால் செயலி 'போனால் போகட்டும்' என்று இருப்பதே இல்லை. ஆர்டிபி வரிசை எண்ணில் இடைவெளி தெரிந்தவுடன் 'இந்த எண் வரவில்லை, மறுபடி அனுப்பு' என்று எதிர்முனைக்குச் சொல்கிறது. அதற்கு நாக் என்று பெயர். ஆம், யுடிபி அழைப்பிலும் மறுபடி அனுப்புதல் உண்டு! டிசிபியோடு உள்ள வேறுபாடு, எதைக் கேட்பது, எதைக் கைவிடுவது என்று செயலி ஆராய்ந்து செய்கிறது என்பதுதான். சென்னைக்கும் மதுரைக்கும் இடையில் நகல் சட்டென்று வந்துவிடும், கேட்பதில் லாபம். டொரன்டோ என்றால் படம் ஒரு கணம் உறைந்தாலும் கேட்பதா, இல்லை பழசை மறந்துவிட்டுப் புதிதாக ஒரு முழுப்படமே கேட்பதா என்று முடிவெடுக்கும். அந்த நேரத்தில் குரல் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

'அனுப்பிக்கொண்டே இருக்கும்' என்பதும் நல்ல செயலிக்குப் பொருந்தாது. இணைப்பு நெரிசலாக இருக்கும்போது டிசிபி தானாகவே அடக்கி வாசிக்கும். யுடிபிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. எனவே அந்த வேலையையும் செயலியே செய்கிறது. பாக்கெட்டுகள் தாமதமாகத் தொடங்கியதுமே படத்தின் தரத்தைக் குறைத்துக்கொள்கிறது. மழை நாளில் முகம் மங்கிப்போவது பெரும்பாலும் இந்தக் கட்டுப்பாட்டால்தான்.

இதெல்லாம் புரிந்துவிட்டால் விதிவிலக்குகள் குழப்பாது. 'வீடியோ என்றால் யுடிபி' என்று மனப்பாடம் செய்தவர் யூடியூபையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுவார். ஆனால் யூடியூபில் பார்ப்பது அடிப்படையில் கோப்பு டவுன்லோடுதான். பல வினாடிப் படம் முன்கூட்டியே வந்து குவிந்துகிடக்கும்போது கால் நொடித் தாமதம் யாரையும் உறுத்தாது, டிசிபியே தாராளம். மறுபக்கம், 'டவுன்லோடு என்றால் டிசிபி' என்பதும் இப்போது ஆடிப்போயிருக்கிறது. 2021இல் தரப்படுத்தப்பட்ட குயிக் என்ற நெறிமுறை யுடிபியின் மேலேயே ஓடுகிறது. தொலைந்ததை மறுபடி கேட்பது, வரிசைப்படுத்துவது, நெரிசலில் அடங்குவது எல்லாவற்றையும் தானே செய்துகொள்கிறது. 2022இல் வந்த ஹெச்டிடிபியின் மூன்றாம் பதிப்பு இதன்மேல்தான் நிற்கிறது. குரோமில் ஒரு கோப்பை இறக்கும்போது, சர்வர் ஒத்துக்கொண்டால், அது யுடிபி பாக்கெட்டுகளில் வந்துகொண்டிருக்கலாம். ஒரு பைட்டும் குறையாது.

அழைப்புகளும் சில சமயம் டிசிபியில் போகும். பல அலுவலகங்களிலும் கல்லூரி விடுதிகளிலும் ஃபயர்வாலில் யுடிபியை அடைத்து வைத்திருப்பார்கள். அப்போது செயலி வேறு வழியின்றி ஓர் இடைநிலை சர்வர் மூலம் 443ஆம் போர்ட்டில், சாதாரண இணையதளம் போல வேடமிட்டு, டிசிபியில் அழைப்பை நடத்தும். நல்ல இணைப்பென்றால் வித்தியாசமே தெரியாது. பாக்கெட் தொலையத் தொடங்கினால் தெரியும்: குரலும் படமும் சேர்ந்தே நின்று, பிறகு இரண்டும் சேர்ந்தே பாய்ந்து வரும். யுடிபி அழைப்பில் கோளாறு வேறு மாதிரி இருக்கும். குரல் தகரம் தட்டியது போலாகும், படம் உறையும், ஆனால் பேச்சு தொடரும்.

அறிகுறியை மட்டும் நம்ப வேண்டாம், நேரிலேயே பார்க்கலாம். குரோமில் பிரவுசர் வழி அழைப்பு நடக்கும்போது இன்னொரு டேப்பில் `chrome://webrtc-internals` என்று தட்டுங்கள். பயன்பாட்டில் உள்ள இணைப்பு வழியின் விவரத்தில் `protocol` என்பதற்கு எதிரே `udp` அல்லது `tcp` என்று இருக்கும். இடைநிலை சர்வர் வழியாகப் போனால் `relayProtocol` என்பதையும் பாருங்கள். `packetsLost` தொலைந்தவற்றின் எண்ணிக்கை. வீடியோவின் கீழுள்ள `nackCount`, மறுபடி அனுப்பச் சொல்லி எத்தனை முறை கேட்டார்கள் என்பது. `pliCount` புதிய முழுப்படம் கேட்ட எண்ணிக்கை. 'யுடிபியில் திரும்ப அனுப்புவதே கிடையாது' என்று சாதிக்கும் நண்பருக்கு அந்த `nackCount` ஏறுவதைக் காட்டினால் போதும், விவாதம் முடிந்துவிடும்.

மாணவரின் விடையைத் திருத்தி எழுதினால் இப்படி வரும்: "டிசிபி எல்லா பைட்டையும் அனுப்பிய வரிசையிலேயே கொடுக்கும், நடுவில் ஒன்று தொலைந்தால் அது வரும்வரை பின்னால் வந்தவற்றையும் நிறுத்தி வைக்கும். முழுசாக வந்தால்தான் பயன் என்கிற கோப்புக்கு அந்த நிறுத்தம் நஷ்டமில்லை. உரிய நேரம் தாண்டினால் பயனற்றுப்போகும் குரலுக்கு அதுதான் பெரிய நஷ்டம். யுடிபி வந்ததை வந்தபடி கொடுத்துவிடும். தொலைந்ததை என்ன செய்வது என்று செயலி பார்த்துக்கொள்ளும். அதனால் வீடியோ கால்கள் முடிந்தவரை யுடிபியில் போகின்றன." இதில் 'வேகம்' என்ற சொல்லே இல்லை, கவனியுங்கள்.

பழைய விடைக்குப் பத்துக்கு ஐந்து போடலாம். அதற்குமேல் போடுகிற ஆசிரியர்கள் அந்த 38 மணி நேரக் கணக்கை ஒருமுறை கரும்பலகையில் போட்டுக் காட்டிவிட்டுப் போடட்டும்.